நாலு லட்டு, எட்டுப் பக்கம்

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கதை சொல்வது எளிது. அதே பிள்ளை தானே வாசிக்கக்கூடிய கதையை எழுதுவதுதான் கடினம். சொல்லும்போது நம் குரலும் கையும் முகமும் துணைக்கு வரும். அச்சில் அவை எதுவும் இல்லை. எழுத்து மட்டும் நிற்கிறது. அந்த எழுத்திலும் பாதியைத்தான் பிள்ளை இதுவரை கற்றிருக்கும். யூ.கே.ஜி.யிலும் ஒன்றாம் வகுப்பிலும் இருக்கும் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து உண்பதைப் பற்றிய கதை என்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நாம் வாசித்துக் காட்ட வேண்டிய கதைகள். நீண்ட வாக்கியங்கள், பக்கத்துக்கு ஐந்தாறு புதுச்சொற்கள், கடைசியில் ஒரு நீதி. பிள்ளை படம் பார்க்கும், நாம் வாசிப்போம், அதோடு சரி.

பிள்ளை தானே வாசிக்கும் கதை எப்படி இருக்க வேண்டும் என்பதை, ஒரு கதையை உங்கள் முன்னாலேயே கட்டிப் பார்த்துச் சொல்கிறேன். கதையின் பெயர் ‘நாலு லட்டு’. எட்டே பக்கம். முதலில் முழுக்கதையையும் வாசித்துவிடுங்கள். ஆறாம் பக்கத்தில் சொல் கிடையாது, படம் மட்டும்தான்.

1. மாலா கையில் தட்டு.
தட்டில் நாலு லட்டு.

2. பாபு வந்தான்.
“எனக்கும் தா!”
“இந்தா, உனக்கு ஒன்று.”
தட்டில் மூன்று லட்டு.

3. அப்பு வந்தான்.
“எனக்கும் தா!”
“இந்தா, உனக்கு ஒன்று.”
தட்டில் இரண்டு லட்டு.

4. பாத்திமா வந்தாள்.
“எனக்கும் தா!”
“இந்தா, உனக்கு ஒன்று.”
தட்டில் ஒரு லட்டு.

5. தம்பி வந்தான்.
“எனக்கும் தா!”
மாலா தட்டை மறைத்தாள்.

6. (படம்: தட்டு மாலாவின் முதுகுக்குப் பின்னால். தம்பி அவள் முகத்தையே பார்க்கிறான்.)

7. ஒரு லட்டு. இரண்டு பாதி!
“இந்தா, பாதி உனக்கு, பாதி எனக்கு.”

8. தட்டு காலி!

மொத்தம் 54 சொற்கள். ஆனால் வெவ்வேறு சொற்கள் 25தான். அமெரிக்காவில் டாக்டர் சூஸ் 1960இல் வெளியிட்ட ‘கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்’ என்ற புகழ்பெற்ற குழந்தைப் புத்தகம் ஐம்பதே ஐம்பது சொற்களால் ஆனது. ஆங்கிலத்தில் அப்படிச் சொற்களை எண்ணி எழுதுவது ஓரளவு நேர்வழி. தமிழில் ஒரு சொல் வேற்றுமை உருபு ஏற்றதும் வேறு உருவம் எடுத்துவிடும். தட்டு, தட்டில், தட்டை மூன்றும் நமக்கு ஒரே சொல். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு மூன்று சொல். அதனால் தமிழில் இந்த வகைக் கதை எழுதுகிறவர் சொற்களை எண்ணினால் போதாது, சொல்லின் உருவங்களை எண்ண வேண்டும். நான் 25 என்று சொன்னது அந்தக் கணக்கில்தான்.

லட்டுவை ஏன் எடுத்தேன் என்று சொல்கிறேன். தட்டு, லட்டு என்ற இரண்டிலும் முதலெழுத்து மட்டும்தான் வேறு. ‘தட்டு’ என்று வாசித்துவிட்ட பிள்ளை ஒரே எழுத்தை மாற்றினால் ‘லட்டு’ வந்துவிடும். ஒரு பக்கத்தில் கற்றது அடுத்த வரியிலேயே கை கொடுக்கிறது. அதோடு லட்டுவைப் பிட்டுப் பாதியாக்கலாம். கடைசியில் அது எனக்குத் தேவைப்படும். முதலில் மனதில் வந்தது அப்பம். அ, ப், ப, ம் என்று அதைவிட எளிய எழுத்துகள் கிடைக்காது. ஆனால் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் என்பதால் ‘ஒரு அப்பம்’ என்று எழுதினால் இலக்கணம் ‘ஓர் அப்பம்’ என்று திருத்தும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பிள்ளையின் காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் அப்படியொரு தடையை முதல் கதையிலேயே வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இதே காரணத்தால்தான் ‘கொடு’ வராமல் ‘தா’ வந்தது. ‘கொடு’ என்று எழுதுகிறோம், ‘குடு’ என்று பேசுகிறோம். பிள்ளை எழுத்தைச் சரியாகக் கூட்டினாலும் வருவது அது வீட்டில் கேட்காத ஒலி. போதாததற்கு ‘கொ’வில் ககரத்துக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. ஒலிக்கும்போது பின்னால் வரும் உயிர் எழுதும்போது முன்னாலும் வந்து நிற்பது தொடக்க வாசகரை நிறையத் திணறடிக்கும் இடம். ‘தா’ எழுத்திலும் பேச்சிலும் ஒன்றே. ‘இந்தா’வும் அப்படியே. ‘நான்கு’ என்னாமல் ‘நாலு’ என்றதும் அதனால்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்பவற்றில் மட்டும் எனக்கு வழியில்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு என்றுதான் பிள்ளை சொல்லும். முதல் வாசிப்பில் அப்படிச் சொன்னால் திருத்த வேண்டாம். அச்சில் இருப்பதைப் பார்த்துப் பொருளைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை நாம் எழுத்தில் உள்ளபடியே நிதானமாக வாசித்துக் காட்டினால் போதும்.

இனி, திரும்பத் திரும்ப வரும் வரி. நம் ஊரிலும் இது புதிதல்ல. தன் பேரை மறந்துபோன ஈ, கன்று, பசு என்று ஒவ்வொருவராகப் போய் ‘என் பேர் என்ன’ என்று கேட்கும் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆனால் அந்தக் கதையில் ஒவ்வொரு முறையும் வரி நீண்டுகொண்டே போகும். பழைய பெயர்களோடு புதுப்பெயர் ஒன்று ஒட்டிக்கொள்ளும். காதால் கேட்கவும் வாயால் சொல்லவும் அது கொண்டாட்டம். வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கோ, கதை முடியும் நேரத்தில் பக்கம் நிறைய எழுத்து. முதல் வாசிப்புக்கு வேண்டியது நீளாத வரி: இரண்டு மூன்று சொற்கள், பக்கத்தில் அதே இடத்தில், அதே உருவத்தில்.

திரும்ப வருவதால் என்ன பயன் என்பதை ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஹார்ஸ்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011இல் வெளியிட்டது. மூன்று வயதுக் குழந்தைகளில் சிலருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். வேறு சிலருக்கு வெவ்வேறு கதைகளை வாசித்தார்கள். புதுச்சொற்கள் காதில் விழுந்த எண்ணிக்கை இருவருக்கும் சமம். ஒரே கதையைக் கேட்டவர்கள்தான் அந்தச் சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால், அடுத்து என்ன ஆகும் என்று தேட வேண்டியதில்லை. கவனம் சொல்லுக்குப் போகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அந்த ஆய்வு கேட்பதைப் பற்றியது, வாசிப்பதைப் பற்றியது அல்ல. ஆனாலும், இரவு படுக்கும்போது அதே கதையைத்தான் வாசிக்க வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. நாலு தடவை கேட்டதும் பிள்ளைக்குக் கதை மனப்பாடம் ஆகிவிடும். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தைச் சரியான இடத்தில் திருப்பி, ஏற்ற இறக்கத்தோடு சொல்லும். பெற்றோர் பூரித்துப்போய்ப் பாட்டிக்கு வீடியோ அனுப்புவார்கள். பிள்ளையின் கண்களைப் பாருங்கள். அவை படத்திலோ உங்கள் முகத்திலோ இருந்தால் அது வாசிப்பு இல்லை, ஒப்பித்தல். ஒப்பித்தல் கெட்டதல்ல, வாசிப்புக்கு முந்திய படி. ஆனால் வரியை மாற்றாமலே வைத்திருக்கும் கதை பிள்ளையை அந்தப் படியிலேயே நிறுத்திவிடும். எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே அதில் எழாது.

அதனால் திரும்ப வரும் வரிக்குப் பக்கத்திலேயே, பார்த்தால் மட்டுமே தெரியக்கூடிய ஒரு சிறு மாற்றத்தை வைக்க வேண்டும். நான்காம் பக்கத்தைப் பாருங்கள். பாபு வந்தான், அப்பு வந்தான் என்று இரண்டு முறை சொல்லிப் பழகிய வாய், பாத்திமாவிடம் வரும்போது தானாக ‘வந்தான்’ என்று சொல்லப் பார்க்கும். அங்கே எழுதியிருப்பது ‘வந்தாள்’. கடைசி ஒற்றெழுத்து மட்டும் மாறியிருக்கிறது. தமிழ் பேசும் பிள்ளைக்குப் ‘பாத்திமா வந்தான்’ என்றால் காது உறுத்தும். உடனே கண் அந்தச் சொல்லின் கடைசிக்குப் போகும். அந்த நொடியில் நடப்பதுதான் வாசிப்பு. நாம் உள்ளே புகுந்து ‘தப்பு’ என்று சொல்லக் கூடாது. மூன்று, இரண்டு, ஒரு என்று குறைந்துவரும் எண்களும் இதே வேலையைச் செய்கின்றன. படத்தில் தட்டை எண்ணிப் பார்த்து, எழுத்தோடு சரியா என்று பிள்ளையே சோதித்துக்கொள்ளலாம்.

ஏழாம் பக்கத்தில் வரியே உடைகிறது. ‘உனக்கு ஒன்று’ என்று மூன்று முறை வந்தது இப்போது ‘பாதி உனக்கு’. இதை முதலில் ‘உனக்குப் பாதி, எனக்குப் பாதி’ என்றுதான் எழுதத் தோன்றும். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான்காம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். ‘உனக்கு’ என்று கற்ற உருவம் ‘உனக்குப்’ ஆகிவிடும். ஒற்றை விட்டுவிட்டால் பிழை, போட்டால் பிள்ளைக்குப் புதுச்சொல். வரிசையை மாற்றி ‘பாதி உனக்கு, பாதி எனக்கு’ என்றதும் இரண்டு சிக்கலும் தீர்ந்தன. இப்படிச் சந்தி வராத வரிசையைத் தேடுவதில்தான் தமிழில் இந்த வேலையின் பெரும்பகுதி போகிறது. அந்தப் பக்கத்தில் முற்றிலும் புதிய சொல் ‘பாதி’ ஒன்றுதான். ‘எனக்கு’ என்பது ஏற்கெனவே நாலு தடவை வந்த ‘எனக்கும்’ என்பதில் கடைசி எழுத்து போனது. கதையின் திருப்பத்தில் பிள்ளைக்குச் சொல் தடுக்கக் கூடாது. அதன் மனம் மாலாவிடம் இருக்க வேண்டும்.

மாலாவிடம் வருவோம். பகிர்தல் பற்றிக் கதை எழுதுகிறவர்கள் அதிகம் தவறும் இடம் இது. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகிர வேண்டும் என்பது தெரியாது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். 2013இல் ஸ்மித், பிளேக், ஹாரிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் மூன்று முதல் எட்டு வயதுவரை உள்ள குழந்தைகளிடம் ஒட்டுப்படங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சமமாகப் பகிர வேண்டும் என்று சிறிய பிள்ளைகளும் சொன்னார்கள். ஆனால் கையில் கொடுத்ததும் தமக்கு அதிகம் வைத்துக்கொண்டார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள்தான் சொன்னபடியே பாதி கொடுத்தார்கள். அதாவது ஐந்து வயதில் விதி தெரியும், கை வராது. விதி தெரிந்த பிள்ளையிடம் ‘பகிர்ந்து உண்ண வேண்டும்’ என்று கடைசிப் பக்கத்தில் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. கை வராத அந்தத் தருணத்தைத்தான் கதை காட்ட வேண்டும்.

அதனால்தான் மாலா முதல் மூன்று லட்டுவைத் தயங்காமல் கொடுக்கிறாள், கடைசி லட்டுவை மறைக்கிறாள். நாலு இருக்கும்போது கொடுப்பது பெரிய காரியமில்லை. ஒன்று மிஞ்சும்போதுதான் கேள்வியே எழுகிறது. ஐந்தாம் பக்கத்தில் ‘இந்தா’ என்று சொல்லத் தயாராக இருக்கும் பிள்ளையின் வாய்க்கு அந்த வரி கிடைக்காது. அதற்குப் பதில் ‘மறைத்தாள்’. இந்தக் கதையில் வாசிக்க மிகக் கடினமான சொல் அதுதான், வேண்டுமென்றே ஒரே ஒரு முறை வருகிறது. முதல் சில தடவை அதை நீங்களே வாசித்துவிடலாம். அடுத்த பக்கத்தில் எழுத்து இல்லை. மாலா என்ன செய்வாள் என்று பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். ‘ஓடிப்போயிடுவா’ என்று சொன்னாலும் சரி, ‘தம்பி அழுவான்’ என்று சொன்னாலும் சரி, கேட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்புங்கள்.

மாலா முழு லட்டுவையும் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதாக முடித்திருக்கலாம். நம் கதைகளில் அப்படிப்பட்ட முடிவு நிறைய. நான் அதை ஏற்கவில்லை. அது தியாகம். பகிர்தல் வேறு. மார்க்கஸ் ஃபிஸ்டர் 1992இல் வெளியிட்ட ‘வானவில் மீன்’ கதையில், மினுமினுக்கும் செதில்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளும் மீன், அதனால் நண்பர்களைப் பெறுகிறது. உலகெங்கும் விற்ற புத்தகம். உடம்பிலிருந்து பிய்த்துக் கொடுத்தால்தான் உன்னோடு சேர்வார்களா என்று பல பெற்றோர் அதைக் கேள்வி கேட்டதும் நியாயம்தான். ஐந்து வயதுப் பிள்ளை ‘மாலாவுக்கு இல்லையா?’ என்று முதலில் கேட்கும். அந்தக் கேள்விக்குக் கதையிலேயே பதில் இருக்க வேண்டும். பாதி அவளுக்கும் உண்டு.

மாலாவை முயலாகவோ அணிலாகவோ ஆக்காததற்கும் காரணம் உண்டு. கனடாவின் டொரொன்டோவில் லார்சன், லீ, கனியா ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்தல் பற்றிய ஒரு கதையை வாசித்தார்கள். ஒரு குழுவுக்கு மனிதரைப்போல் உடை உடுத்திய விலங்குகள் வரும் பதிப்பு, இன்னொரு குழுவுக்கு அதே கதை மனிதப் பிள்ளைகளோடு. மனிதப் பாத்திரங்களின் கதையைக் கேட்டவர்கள்தான் பிறகு ஒட்டுப்படங்களை அதிகம் கொடுத்தார்கள். ஓர் ஆய்வை வைத்து விலங்குக் கதைகளையே ஒதுக்கிவிட முடியாது. அவற்றின் இன்பம் வேறு. ஆனால் தன்னைப் போன்ற ஒருத்தி தயங்கிவிட்டுக் கொடுத்தாள் என்று பிள்ளைக்குப் பட வேண்டுமானால், அவள் பக்கத்து வீட்டு மாலாவாக இருப்பதே மேல்.

வீட்டில் வாசிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் நீங்கள் முழுக்க வாசியுங்கள், சொல்லுக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே. அடுத்த நாள் ‘எனக்கும்’ என்று சொல்லி நிறுத்துங்கள். ‘தா’ தானாக வரும். பிறகு ‘எனக்கும் தா’, ‘இந்தா, உனக்கு ஒன்று’ இரண்டையும் பிள்ளைக்கு விட்டுவிட்டு மற்றதை நீங்கள் வாசியுங்கள். பிள்ளை தன் விரலை வைத்து வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘எனக்கும்’ நீளமான சொல். எ, னக், கும் என்று ஒவ்வொரு அசைக்கும் விரல் ஒரு தாவு தாவும். வாய் முதல் சொல்லிலேயே இருக்க, விரல் வரியைத் தாண்டியிருக்கும். அப்போது விரலை ‘தா’வில் வைத்து அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ஒரே எழுத்துச் சொல் என்பதால் விரலும் வாயும் அங்கே சேர்ந்துவிடும். பிறகு வரியின் தொடக்கத்திலிருந்து மறுபடி. கையால் எழுதும்போது சொற்களுக்கு நடுவே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுவது இதற்காகத்தான்.

வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாளில் ‘தம்பி கையில் லட்டு’ என்று எழுதிக் கொடுங்கள். மூன்று சொல்லும் கதையில் உள்ளவை. இந்த வாக்கியம் கதையில் இல்லை. திணறித் திணறியாவது வாசித்துவிட்டால், அந்தச் சொற்கள் அதன் சொந்தமாகிவிட்டன. வாசிக்க முடியாவிட்டால் இன்னும் சில நாள் புத்தகத்தோடு இருக்கட்டும். பிறகு ‘அப்பு கையில் தட்டு’ என்று கொடுத்துப் பாருங்கள். இந்தக் கதை எழுத்துகளைக் கற்றுத் தராது என்பதையும் சொல்லியாக வேண்டும். 25 சொற்களில் தமிழின் உயிர்மெய்களில் ஒரு சிறு பகுதிதான் வருகிறது. எழுத்துகளைத் தனியே கற்பிப்பது நடந்துகொண்டே இருக்க வேண்டும். கற்ற எழுத்து ஒரு கதையில் பயன்படுகிறது என்று பிள்ளை காண்பதற்கே இது.

புத்தகம் செய்ய இரண்டு ஏ4 தாள் போதும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் ஊசி அடித்தால் எட்டுப் பக்கம். பாபு, அப்பு, பாத்திமா இருக்கும் இடத்தில் உங்கள் தெருப் பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். முதல் இருவரும் ‘வந்தான்’, மூன்றாவது ‘வந்தாள்’ என்று வரும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தைப் பிள்ளையே வரையட்டும். தட்டில் இருக்கும் லட்டுகளின் எண்ணிக்கை மட்டும் எழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். எட்டாம் பக்கத்தில் ‘தட்டு காலி’க்குக் கீழே ஒரு நல்லுரை எழுத உங்களுக்குத் தோன்றும். தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த இடத்தில் பிள்ளை தன் பெயரை எழுதட்டும்.